முகத்தைக் கவிழ்த்து முதுகைப் பாருங்கள்: போலி ஸ்மார்ட் வாட்சை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

ஆடித் தள்ளுபடிக் காலத்தில் என் அக்கா மகன் ஒரு வாட்சைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா என்றான். இணையத்தில் பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறான். பெட்டி இருந்தது, பில் இருந்தது, பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொத்தானும் இருந்தது. "திரை எவ்வளவு தெளிவு பாருங்கள் மாமா" என்று எரியவிட்டுக் காட்டினான். நான் திரையைப் பார்க்கவில்லை. வாட்சைக் கவிழ்த்துவைத்து, கைப்பேசி டார்ச்சை எடுத்தேன்.

திரையைப் போலியாகச் செய்வதுதான் இருப்பதிலேயே எளிது. நல்ல திரைகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. அதில் அசல் கம்பெனியின் படங்களையும் எழுத்துகளையும் ஓடவிடுவதற்குப் பெரிய திறமை ஒன்றும் தேவையில்லை. வாங்குகிறவர் பார்ப்பதும் அதைத்தான். செய்கிறவர் செலவழிப்பதும் அதற்குத்தான். முதுகுப்பக்கம் அப்படியல்ல. செராமிக்கைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும், நீலக்கல் கண்ணாடி பதிக்க வேண்டும், பட்டை நுழையும் காடியை மயிரிழை பிசகாமல் கடைய வேண்டும். ஒவ்வொன்றும் காசு. போலி செய்கிறவர் கையைச் சுருக்குவது அங்கேதான்.

ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று இடங்கள்: பட்டை மாட்டும் இடம், சென்சார் இருக்கும் முதுகு, சார்ஜ் ஏறும் முனை. இதற்குக் கைப்பேசி டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ், மி.மீ. கோடு தெளிவாக உள்ள அடிக்கோல், கொஞ்சம் கறுப்பு இன்சுலேஷன் டேப், ஒரு துணி ஆகியவை போதும். லென்ஸ் இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவை நெருக்கிப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பட்டையைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், மேற்கொண்டு பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். கழற்றுவதற்கென்றே செய்த பட்டையைக் கழற்றினால் எந்த வாட்சும் கெட்டுப்போகாது.

முதல் இடம்: பட்டை மாட்டும் காது

சாதாரணக் கைக்கடிகாரத்தில் மேலும் கீழும் இரண்டிரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங் கம்பி நின்று பட்டையைப் பிடித்துக்கொள்ளும். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4, 5, 6 ஆகியவை இந்த வகைதான். இந்த மூன்று வரிசைகளிலும் சின்ன அளவானாலும் பெரிய அளவானாலும் காதுகளுக்கு இடையே உள்ள அகலம் 20 மி.மீ. வட்ட வடிவப் போலிகளில் பலவற்றை 22 மி.மீ. பட்டைக்கு ஏற்றபடி செய்துவிடுகிறார்கள். "கேலக்ஸி வாட்ச் 6" என்று சொல்லித் தருவதை அடிக்கோல் வைத்து அளந்து 22 வந்தால் வேறெதையும் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் 2018இல் வந்த முதல் கேலக்ஸி வாட்சின் 46 மி.மீ. அளவில் காது இடைவெளி உண்மையிலேயே 22 மி.மீ.தான். அதனால் எந்த மாடல் என்று சொல்லி விற்கிறார்கள் என்பதை முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு அளவுகோலை எடுங்கள்.

ஆப்பிள் வாட்சில் காதே கிடையாது. உடலின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக ஒரு காடி ஓடும். பட்டையின் முனை பக்கவாட்டில் அந்தக் காடிக்குள் வழுக்கிக்கொண்டு போய் நடுவில் 'டக்' என்று நிற்கும். கழற்ற வேண்டுமானால் முதுகில், சென்சாருக்கு மேலும் கீழும் உள்ள நீளமான பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பட்டையைத் தள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டில் மூன்று இடங்களில் போலி சறுக்கும்.

ஒன்று, பொத்தான். அசலில் அது உள்ளே அமுங்கும், விட்டதும் மேலே வரும். பல போலிகளில் அது வெறும் வார்ப்பு. பார்க்கப் பொத்தான் போல இருக்கும், அழுத்தினால் அசையாது. பட்டை வெறும் உராய்வில்தான் நின்றுகொண்டிருக்கும். பொத்தானைத் தொடாமல் பட்டையைப் பக்கவாட்டில் சற்று அழுத்தித் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தால் சந்தேகம் கொள்ளுங்கள்.

இரண்டு, ஆட்டம். பட்டையை மாட்டியபின் உடலைப் பிடித்துக்கொண்டு பட்டையை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசலில் காடியும் பட்டை முனையும் ஒரே உடல்போல வளைந்து சேரும். நகம் நுழைய இடம் இருக்காது. போலியில் ஒரு பக்கம் இடைவெளி தெரியும், மறுபக்கம் பட்டை விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

ஆட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது. பட்டை வேறு, வாட்ச் வேறு. இருநூறு ரூபாய்க்கு நடைபாதையில் வாங்கிய பட்டையை அசல் வாட்சில் மாட்டியிருப்பவர்கள் ஏராளம். அது ஆடத்தான் செய்யும். மாறாக, போலி வாட்சில் அசல் பட்டையை மாட்டி விற்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. அதனால் அசல் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பட்டையை யாரிடமாவது வாங்கி மாட்டிப் பார்ப்பது நல்லது. 44, 45, 46, 49 மி.மீ. உடல்கள் ஒரே அகலப் பட்டையை ஏற்பதால், உறவினர் ஒருவரிடம் பெரிய அளவு ஆப்பிள் வாட்ச் இருந்தால் அதன் பட்டையே இந்தச் சோதனைக்குப் போதும்.

மூன்றுதான் முக்கியம்: காடியின் உட்புறம். பட்டையை எடுத்துவிட்டு டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக உள்ளே விடுங்கள். சீரிஸ் 3 தொடங்கி அதன்பின் வந்த ஆப்பிள் வாட்சுகளில் வரிசை எண் இந்தக் காடிக்குள்தான் பொறிக்கப்பட்டிருக்கும். எறும்பு ஊர்ந்த தடம்போல மிகச் சிறியதாக, ஆனால் லென்ஸ் வைத்தால் ஒவ்வோர் எழுத்தும் கூர்மையாகத் தெரியும். போலியில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அல்லது மை வைத்து அச்சடித்தது போல எழுத்தின் விளிம்பு கலங்கியிருக்கும். காடியின் தரையையும் பாருங்கள். கடைந்த உலோகம் சீராக இருக்கும். வார்த்த உலோகத்தில் அச்சு சேர்ந்த கோடு, பிசிறு, மூலையில் திரண்ட பெயின்ட் ஆகியவை தெரியும்.

சீரிஸ் 6 வரையிலான வாட்சுகளில் கீழ்க்காடிக்குள் ஒரு சின்ன மூடி இருக்கும். அதற்குள் ஆறு புள்ளி முனைகள். கம்பெனியின் சோதனைக்காக வைத்தவை. சீரிஸ் 7இலிருந்து அது இல்லை. பழைய வாட்சில் அந்த மூடியைப் பார்த்துவிட்டு, யாரோ நோண்டியிருக்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம்.

அக்கா மகன் கொண்டுவந்த வாட்சில் பொத்தான் அமுங்கியது. பட்டை 'டக்' என்று நின்றது. அதுவரை அவன் முகத்தில் நம்பிக்கை இருந்தது. காடிக்குள் வெளிச்சம் விட்டேன். மேற்காடி வெறுமை, கீழ்க்காடியும் வெறுமை. மூலையில் ஒரு சொட்டுச் சாம்பல் நிற பெயின்ட் காய்ந்து திரண்டிருந்தது. அல்ட்ராவின் உடல் டைட்டானியம். அதற்கு இப்படிச் சாம்பல் பெயின்ட் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இரண்டாவது இடம்: சென்சார் இருக்கும் முதுகு

முதலில் தொட்டுப் பாருங்கள். சீரிஸ் 4 முதல் வந்த பெரும்பாலான ஆப்பிள் வாட்சுகளின் முதுகு செராமிக்கும் நீலக்கல் கண்ணாடியும் சேர்ந்தது, அல்ட்ராவும் அப்படியே. கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கும். நகத்தால் தட்டினால் பீங்கான் கோப்பையைத் தட்டியதுபோல ஒலிக்கும். பிளாஸ்டிக் முதுகு வெதுவெதுப்பாக இருக்கும், மந்தமாக ஒலிக்கும். 2022இல் வந்த இரண்டாம் தலைமுறை எஸ்.இ.யின் முதுகு நைலான் கலவை; 2024இல் வந்த சீரிஸ் 10க்கு உலோக முதுகு. ஆகவே "செராமிக் இல்லை, அதனால் போலி" என்று சொல்வதற்கு முன் மாடல் பெயரைச் சரிபாருங்கள். மறுபடியும் அதே விதிதான்: எந்த மாடல் என்று விற்கிறார்களோ, அந்த மாடலோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்து எழுத்து. சென்சாரைச் சுற்றி வட்டமாக மாடல் பெயர், உடல் அளவு, உடல் எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு நீரைத் தாங்கும் என்பவை எழுதப்பட்டிருக்கும். அந்த வரியை முழுவதும் படியுங்கள். யாரும் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் போலி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உடல் எஃகு என்று விற்பார்கள், முதுகில் அலுமினியம் என்று எழுதியிருக்கும். 45 மி.மீ. என்பார்கள், எழுத்து 44 என்று சொல்லும். சானிடைசர் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் சில போலிகளின் எழுத்து துணியோடு வந்துவிடும்.

அல்ட்ராவுக்கு மட்டும் உரிய ஓர் அடையாளம் உண்டு. அதன் முதுகின் நான்கு மூலைகளிலும் திருகுகள் வெளியே தெரியும். அசலில் அவை ஐந்து இதழ் பூப்போன்ற பள்ளம் கொண்ட திருகுகள். போலியில் கூட்டல் குறி போட்ட சாதாரணத் திருகு இருக்கும்; அல்லது திருகே இருக்காது, பிளாஸ்டிக்கில் திருகு போன்ற வடிவம் மட்டும் வார்த்திருப்பார்கள். லென்ஸ் வைத்தால் இரண்டே நொடியில் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்த வாட்சில் நான்கும் வார்ப்பு. அதிலும் ஒன்று கொஞ்சம் சாய்ந்து வார்க்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

இனி சென்சாருக்கு வருவோம். இந்த வாட்சுகள் இதயத்துடிப்பை ஒளியால் அளக்கின்றன. பச்சை ஒளி தோலுக்குள் போகிறது. ரத்தம் பச்சையை உறிஞ்சிக்கொள்ளும். துடிப்பின்போது ரத்தம் கூடுவதால் திரும்பி வரும் ஒளி குறைகிறது. துடிப்புக்கு இடையில் ஒளி கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. ஆகவே ஒளி விடும் முனை, திரும்பும் ஒளியை வாங்கும் முனை என இரண்டு வகை உறுப்புகள் இருந்தே ஆக வேண்டும். ஒளி வாங்கி, லென்ஸில் பார்த்தால் கறுத்த சின்னச் சதுரம் போலத் தெரியும். ஆப்பிளில் சீரிஸ் 6 முதல், ரத்த ஆக்சிஜனையும் அளப்பதற்காக நான்கு ஒளித் தொகுதிகளும் நான்கு ஒளி வாங்கிகளும் வைத்தார்கள். அல்ட்ராவிலும் அதே அமைப்புதான்.

போலி செய்கிறவர் இந்த வடிவத்தை அச்சடித்துவிடுகிறார். குமிழான ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே ஒரு வட்டத் தாள். அதில் எட்டு ஜன்னல்களும் வரைந்திருக்கும். அவற்றில் ஒன்றோ இரண்டோதான் உண்மையில் ஓட்டை. வாட்சை டார்ச் வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான ஜன்னலுக்குள் ஆழம் தெரியும், உள்ளே உறுப்புகள் வெவ்வேறு மட்டத்தில் இருக்கும். அச்சடித்த ஜன்னல் எப்படிச் சாய்த்தாலும் தட்டையாகவே இருக்கும்; கோலமாவில் வரைந்த கிணறு மாதிரி.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு, இதயத்துடிப்புச் செயலியைத் திறந்து, வாட்சைக் கையில் தளர்வாகக் கட்டி, ஓரத்தைச் சற்றே தூக்கிப் பாருங்கள். அல்ட்ராவில் பச்சை ஒளி பல முனைகளிலிருந்து வரும். நொடிக்குப் பல நூறு முறை மினுங்குவதால் கைப்பேசிக் கேமராவில் பார்த்தால் துடிப்பதுபோலத் தெரியலாம். மலிவான போலியில் ஒரே ஒரு பச்சைப் பல்பு அசையாமல் எரிந்துகொண்டிருக்கும்; மேசையில் கழற்றிவைத்தாலும் எரியும். செயலியைத் திறக்காதபோது பச்சை ஒளி தெரியவில்லை என்றால் அது குறையல்ல. பின்னணியில் அளக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத்தான் ஆப்பிள் பயன்படுத்துகிறது.

பலரும் சொல்லித்தரும் ஒரு சோதனையை நான் சொல்லப்போவதில்லை. வாழைப்பழத்தில் கட்டிப் பார், டிஷ்யூ சுருளில் கட்டிப் பார், துடிப்பு காட்டினால் போலி என்பார்கள். நல்ல கம்பெனியின் அசல் ஃபிட்னஸ் பேண்ட்கூட டிஷ்யூ சுருளுக்குத் துடிப்பு காட்டும். ஒளி ஏதோ ஒரு பரப்பில் பட்டுத் திரும்பி வருகிறது. அதில் உள்ள சிறு நடுக்கத்தைத் துடிப்பாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்தச் சோதனையை நம்பி நல்ல பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அதைவிடப் பயன் தரும் சோதனை இது. சென்சார் முழுவதையும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் இரண்டு அடுக்கு மூடிவிட்டுக் கையில் கட்டுங்கள். ஒளி வெளியே போகவும் வழியில்லை, திரும்பி வரவும் வழியில்லை. நேர்மையான வாட்ச் சற்று நேரம் தடுமாறிவிட்டு, கோடு போட்டுக் காட்டும் அல்லது அளக்க முடியவில்லை என்று சொல்லும். ஒரு தடவைக்கு மூன்று தடவை செய்து பாருங்கள். மூன்று தடவையும் 72, 76, 74 என்று ஆரோக்கியமான எண்களாக வந்தால், அது அளக்கவில்லை, சொல்கிறது.

டேப்பை எடுத்துவிட்டு இன்னொன்று. உட்கார்ந்த நிலையில் கழுத்து நாடியில் விரல் வைத்து முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பிறகு மூன்று மாடி ஏறி இறங்கி உடனே மறுபடியும் எண்ணுங்கள். இரண்டு தடவையும் வாட்ச் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வித்தியாசம் எல்லாவற்றிலும் இருக்கும். நீங்கள் மூச்சு வாங்க நிற்கும்போதும் வாட்ச் எழுபத்தைந்திலேயே நிம்மதியாக இருந்தால், அதன் நிம்மதிக்குக் காரணம் புரிந்துவிடும்.

ரத்த ஆக்சிஜன் அளவு காட்டினால் அதையும் பிடிக்கலாம். அந்த அளவுக்குச் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பும் வேண்டும். இருட்டில் அளக்கவிட்டு ஓரமாக எட்டிப் பாருங்கள். பச்சை மட்டுமே எரிய, திரையில் 98 என்று வந்தால் அது கற்பனை எண். மாறாக, அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த சீரிஸ் 9 அல்லது அல்ட்ரா 2இல் ரத்த ஆக்சிஜன் வசதி வேலை செய்யவில்லை என்றால் அதைப் போலி என்று நினைத்துவிடாதீர்கள். காப்புரிமை வழக்கின் காரணமாக 2024 ஜனவரி 18 முதல் அந்த நாட்டில் ஆப்பிள் விற்றவற்றில் அந்த வசதியை நிறுத்திவைத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில்தான் மாற்றியமைத்த வடிவில் திரும்பக் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வாட்சின் மாடல் எண் `LW/A` என்று முடியும்.

ஊசி குத்தாமல் ரத்தச் சர்க்கரை காட்டுகிறது என்று சொல்லும் வாட்சுக்கு இத்தனை சோதனையும் தேவையில்லை. அப்படித் தானாகவே சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. வீட்டில் இன்சுலின் போடுகிறவர்கள் இருந்தால், அந்த எண்ணைப் பார்த்து யாரும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ விடாதீர்கள்.

மூன்றாவது இடம்: சார்ஜ் முனை

ஆப்பிள் வாட்சின் முதுகில் சார்ஜ் ஏற்றுவதற்கான உலோகப் புள்ளி எதுவும் கிடையாது. சாம்சங் கேலக்ஸி வாட்ச் வரிசையிலும் கிடையாது. இரண்டும் காந்தத் தட்டின்மேல் வைத்தால் கம்பியில்லாமல் சார்ஜ் ஆகும். ஆகவே அந்தப் பெயர்களில் வரும் வாட்சின் முதுகில் தங்க நிறத்தில் இரண்டு புள்ளியோ நான்கு புள்ளியோ தெரிந்தால் அங்கேயே முடிந்தது. சில விற்பனையாளர்கள் அதை மறைக்க முதுகில் ஒரு பாதுகாப்பு ஸ்டிக்கரை ஒட்டியே கொடுப்பார்கள். ஸ்டிக்கரை எடுக்கச் சொல்லுங்கள்.

புள்ளி இல்லை என்பதால் அசல் என்று ஆகிவிடாது. புதிதாக வரும் "ஃபர்ஸ்ட் காப்பி" வாட்சுகளில் கம்பியில்லாச் சார்ஜே வைத்துவிட்டார்கள். என் அக்கா மகனின் வாட்சும் அப்படித்தான். காந்தத் தட்டில் ஒட்டிக்கொண்டு சார்ஜ் ஏறியது. இந்த இடத்தை மட்டும் பார்த்திருந்தால் நானும் ஏமாந்திருப்பேன். ஆனால் தட்டை வைத்ததும் அது நேராக உட்காரவில்லை. கொஞ்சம் தள்ளி, ஒரு ஓரம் தூக்கியபடி ஒட்டியது. அசலில் முதுகின் குமிழும் தட்டின் குழிவும் ஒன்றுக்கொன்று பொருந்தும். காந்தம் இழுத்து மையத்தில் நிறுத்திவிடும்.

பேண்ட்களில் கதை வேறு. அங்கே உலோக முனை இருப்பதுதான் இயல்பு. அது எந்த இடத்தில், எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊரில் அதிகம் போலி செய்யப்படும் ஷாவ்மியின் மி பேண்டை எடுத்துக்கொள்வோம். 2019இல் வந்த நான்காம் பேண்டில், மாத்திரை போன்ற உடலைப் பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து ஒரு தொட்டிலில் வைத்துச் சார்ஜ் ஏற்ற வேண்டும். 2020இல் வந்த ஐந்தாம் பேண்டிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. முதுகில் இரண்டு முனைகள், அங்கே காந்தச் சார்ஜர் ஒட்டிக்கொள்ளும். நான்கிலிருந்து ஏழு வரை, பட்டை ஒரே துண்டு. நடுவில் உள்ள துளைக்குள் உடல் உட்கார்ந்திருக்கும். 2023இல் வந்த எட்டில்தான் பட்டை இரண்டு துண்டாகி, இரு முனைகளிலும் தனித்தனியே மாட்டும்படி ஆனது.

சந்தையில் எம்3, எம்4 என்ற பெயர்களில் கிடைப்பவை பார்வைக்கு மி பேண்ட் போலவே இருக்கும். அவற்றில் பட்டை இரண்டு துண்டு. ஒரு துண்டை உருவினால் உள்ளேயிருந்து யு.எஸ்.பி. நாக்கு நீட்டிக்கொண்டு வரும். நான்கு தங்கக் கோடுகளோடு. அதை நேராக அடாப்டரில் செருகிவிட வேண்டியதுதான். மி பேண்ட் என்று சொல்லி விற்கப்படும் எதிலாவது இந்த நாக்கு இருந்தால் அது மி பேண்ட் இல்லை. ஆனால் நாக்கு இருந்தாலே போலி என்ற முடிவுக்குப் போகாதீர்கள். ஹுவாவே பேண்ட் 4இல் கம்பெனியே இந்த யு.எஸ்.பி. நாக்கை வைத்திருந்தது. நாக்கும் பெயரும் பொருந்துகிறதா என்பதுதான் கேள்வி.

முனைகளை லென்ஸில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது அவற்றின் ஓரம். அசலில் உலோகமும் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கும் ஒரே மட்டத்தில், இடைவெளியில்லாமல் சேர்ந்திருக்கும். வியர்வை உள்ளே போகக் கூடாது என்பதற்காக. போலியில் ஒரு முனை உயர்ந்து ஒரு முனை தாழ்ந்திருக்கும், சுற்றிலும் ஒரு கறுத்த வளையமாக இடைவெளி தெரியும். தங்க முலாமும் மெல்லியது. சில மாதம் அணிந்த போலியில் முலாம் தேய்ந்து செம்பு எட்டிப்பார்க்கும், செம்பு வியர்வையோடு சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். நன்றாக வியர்க்கிறவர் கழுவாமல் சார்ஜ் ஏற்றினால் அசலிலும் களிம்பு வரலாம். களிம்பை மட்டும் வைத்துச் சொல்லாமல், ஓரத்தையும் மட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய பேண்டைச் சார்ஜர் இல்லாமல் வாங்கினால் இன்னொரு தொல்லை இருக்கிறது. இரட்டை முனைக் காந்தச் சார்ஜர்கள் ஒரே மாதிரித் தெரிந்தாலும் முனைகளின் இடைவெளி வேறுபடும்; 2.84 மி.மீ., 4 மி.மீ. இரண்டும் பரவலாகக் கிடைக்கின்றன. ஒரு முனையின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். அசல் மி பேண்ட் 5, 6, 7 ஆகியவற்றுக்கு ஒரே சார்ஜர் பொருந்தும். "ஆறாம் பேண்ட்" என்று தந்ததில் நண்பரின் ஏழாம் பேண்ட் சார்ஜர் ஒட்டவில்லை என்றால், செலவில்லாமல் ஒரு சோதனை முடிந்தது.

சந்தேகம் மிச்சமிருந்தால்

மூன்று இடங்களும் நன்றாகவே இருந்தால், கடைசியாக எண்ணைச் சரிபாருங்கள். ஆப்பிள் வாட்சில் `Settings > General > About` பகுதியில் தெரியும் வரிசை எண்ணும், காடிக்குள் பொறித்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு அந்த எண்ணை `checkcoverage.apple.com` தளத்தில் இடுங்கள். தளம் எண்ணை ஏற்றுக்கொண்டது என்று உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். அசல் வாட்ச் ஒன்றின் எண்ணை நூறு போலிகளில் போடுவது அவர்களுக்கு ஒரு நிமிட வேலை. தளம் சொல்லும் மாடல் பெயரும் உங்கள் கையில் உள்ளதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியோடு இணைகிறது என்று சொன்னால், அது ஆப்பிள் வாட்ச் இல்லை. அசல் ஆப்பிள் வாட்ச் ஐபோனோடு மட்டும்தான் இணையும். கியூ.ஆர். குறியைக் காட்டி வேறொரு செயலியை இறக்கச் சொன்னாலும் அப்படியே. அசலாகவே இருந்து, முந்தையவரின் கணக்கிலிருந்து விடுவிக்கப்படாமல் பூட்டியிருந்தால் அதுவும் வேண்டாம். திருட்டுப் பொருளாக இருக்கலாம், உங்களுக்கு அது திறக்கவும் திறக்காது.

இந்தியாவில் கடையிலோ இணையதளத்திலோ பில்லோடு வாங்கி ஏமாந்திருந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கு முன் காடி, முதுகு, சார்ஜ் முனை மூன்றையும் வெளிச்சத்தில் நெருக்கமாகப் படமெடுத்து வையுங்கள். விற்பவரிடம் பேசும்போதும் அந்தப் படங்கள்தான் உதவும்.

அக்கா மகன் அதைத்தான் செய்தான். வெறுமையான காடி, சாய்ந்த வார்ப்புத் திருகு, அச்சடித்த ஜன்னல் என மூன்று படங்களை விற்றவருக்கு அனுப்பினான். இந்தியாவில் அல்ட்ரா வெளிவந்தபோது அதன் விலை 89,900 ரூபாய் என்பதையும் கூடவே எழுதினான். அதை வாங்குவதற்கு முன் யோசித்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் பத்தாயிரம் மட்டும் திரும்பி வந்தது, வாட்சைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அது இப்போது என் மேசையில்தான் இருக்கிறது. யாராவது புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால், பக்கத்தில் கவிழ்த்துவைத்து ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கிறது.